கிட்டாரின் நாக்கு

1976 ஜனவரியில் வெளிவந்த 'ஃபிராம்ப்டன் கம்ஸ் அலைவ்!' மேடைக் கச்சேரிகளில் பதிவான பாட்டுகளின் இரட்டை இசைத்தட்டு. பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் பீட்டர் ஃபிராம்ப்டனை அது ஒரே ஆண்டில் அமெரிக்காவின் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் கடைசிப் பாட்டான 'டூ யூ ஃபீல் லைக் வி டூ' கிட்டத்தட்ட 14 நிமிடம் ஓடும். பாதிக்கு மேல் போனதும் மற்ற வாத்தியங்கள் தணிந்துவிடும். கிட்டார் மட்டும் ஒலிக்கும். அது மெல்லத் தன் ஒலியை வளைத்து, பாட்டின் தலைப்பையே கூட்டத்திடம் கேள்வியாகக் கேட்கும். கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

அங்கே பாடியது ஃபிராம்ப்டனின் குரல் இல்லை. அவர் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. ஸ்ருதியும் தாளமும் விரல்களிலிருந்து வந்தன, சொல் வாயிலிருந்து வந்தது. இரண்டையும் இணைத்தது ஒரு பிளாஸ்டிக் குழாய். அந்தக் குழாய் பொருத்திய பெட்டிதான் டாக் பாக்ஸ்.

நாம் பேசும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. குரல்நாண்கள் அதிர்ந்து ஒரு ரீங்காரத்தை உண்டாக்குகின்றன. அந்த ரீங்காரத்தில் எழுத்து எதுவும் கிடையாது. பலப்பல அதிர்வெண்கள் ஒன்றாகக் கலந்த வெறும் ஒலி அது. நாக்கும் உதடும் தாடையும் வாய்க்குள் இருக்கும் வெளியின் வடிவத்தை மாற்ற மாற்ற, அந்தக் கலவையில் சில அதிர்வெண்கள் ஓங்கும், சில அமுங்கும். எவை ஓங்குகின்றன என்பதை வைத்துத்தான் காது 'ஆ' என்றும் 'ஈ' என்றும் பிரித்தறிகிறது. 'ஈ' சொல்லும்போது 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு பட்டை எழுந்து நிற்கும். 'ஊ' சொல்லும்போது அதே பட்டை 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும்.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். குரல் எழுப்பாமல் வெறும் காற்றில் 'ஊ' என்று கிசுகிசுங்கள். மூச்சை விடாமல் அப்படியே 'ஈ'க்கு நகருங்கள். தொண்டை சும்மா இருக்கும்போதே ஏதோ ஒன்று கீழிருந்து மேலே ஏறுவது கேட்கும். ஏறுவது உங்கள் வாயின் ஒத்ததிர்வு. கர்நாடக இசை மேடையில் மோர்சிங் வாசிப்பவர் செய்வதும் இதுதான். இரும்பு நாக்கின் ஒரே அதிர்வை வைத்துக்கொண்டு, வாயின் வடிவத்தால் அதிலிருந்து வேண்டிய ஒலியைப் பொறுக்கி எடுக்கிறார்.

ஆக, குரல்நாணின் ரீங்காரத்துக்குப் பதிலாக வேறொரு ஒலியை வாய்க்குள் கொண்டுவந்து விட்டால், வாய் அதையும் எழுத்தாக்கிவிடும். வெகுநாளைக்கு முன்பே இது பலருக்குத் தோன்றியிருந்தது. 1939ல் அமெரிக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஆல்வினோ ரே, தொண்டையில் வைக்கும் மைக்கைத் தலைகீழாக இயக்கிப் பார்த்தார். கிட்டாரின் ஒலி அந்தக் கருவி வழியாக அவர் மனைவி லூயிஸ் கிங்கின் தொண்டைக்குப் போகும். மேடையில் கண்ணில் படாத இடத்தில் நின்றபடி லூயிஸ் வாயசைப்பார், கிட்டார் பேசும். 1964ல் நாஷ்வில் நகரத்து பெடல் ஸ்டீல் கலைஞர் பீட் டிரேக், ஒலியைக் குழாய் வழியாக நேரே தன் வாய்க்குள் விட்டு 'ஃபாரெவர்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு பெரிய வெற்றி பெற்றது. ஆனால் டிரேக்கின் கருவி எழுப்பிய ஒலி மிக மெல்லியது. ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதிக்கு அது போதும். டிரம்ஸ் முழங்கும் ராக் மேடையில் எடுபடாது.

1970ல் லண்டன் அபே ரோடு கூடத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பதிவு நடந்தபோது டிரேக் வந்திருந்தார். இளைஞரான ஃபிராம்ப்டனும் அங்கே கிட்டார் வாசிக்க வந்திருந்தார். வாசிப்புக்கு நடுவே டிரேக் குழாயை வாயில் வைத்து ஸ்டீல் கிட்டாரைப் பேசவைத்துக் காட்டினார். அந்த ஒலி ஃபிராம்ப்டனின் மனதில் தங்கிவிட்டது.

மேடைக்குத் தாங்கும் பெட்டியைச் செய்தவர் இல்லினாய்ஸ் மாநிலத்து ஒலிப் பொறியாளர் பாப் ஹைல். 1973ல் ஜோ வால்ஷ் 'ராக்கி மவுன்டன் வே' பாட்டில் பேசும் கிட்டாரைப் பதிவு செய்திருந்தார். ஊர் ஊராகச் சென்று வாசிக்க அவருக்கு வலுவான கருவி வேண்டியிருந்தது. ஹைல் எடுத்துக்கொண்டது கம்ப்ரஷன் டிரைவர். கச்சேரிகளில் கொம்பு வடிவ ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் பாகம் அது. கொம்பைக் கழற்றிவிட்டு அதன் வாயில் குழாயைப் பொருத்தினால், மொத்த ஒலியும் குழாய்க்குள் புகும்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. இந்த டிரைவர் உயர்ந்த ஒலிகளுக்காகவே செய்யப்பட்டது. அதன் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு மிகச் சிறிய தூரமே அசையும். கிட்டாரின் தடித்த கம்பிகள் எழுப்பும் கனத்த ஒலியை முழு வேகத்தில் கொடுத்தால் சவ்வு எல்லை தாண்டி அசைந்து கிழிந்துபோகும். கிழியத் தொடங்கிய சவ்வைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம், ஒவ்வொரு சுரத்தோடும் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் ஹைல், கீழ் அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை முன்னால் வைத்தார். சொல்லைக் காட்டும் பட்டைகள் மேலே இருப்பதால் இந்த இழப்பு பேச்சைக் கெடுக்கவில்லை.

1974 கிறிஸ்துமஸுக்கு ஹைல் இந்தப் பெட்டிகளில் ஒன்றை ஃபிராம்ப்டனுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

மேடையில் இதை அமைக்கும் விதம் எளிமையானது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி முதலில் பெட்டிக்குப் போகும். பெட்டியின் மேல் ஒரு கால் சுவிட்ச் இருக்கும். அதை மிதித்தால் வழக்கமான ஸ்பீக்கர் அடங்கி, ஒலி முழுவதும் குழாய்க்குத் திரும்பும். குழாய் மைக் ஸ்டாண்டின் மேலேறி, மைக்கைத் தாண்டிச் சில அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். கலைஞர் அதை வாயோரத்தில், கடைவாய்ப் பல் பக்கமாக நுழைத்துக்கொள்வார். நடுவில் வைத்தால் நாக்குக்கு அசைய இடம் இருக்காது. வாயிலிருந்து வெளிவரும் ஒலியைப் பாட்டுக்கு வைத்த மைக்தான் பிடிக்க வேண்டும். மைக்கை அணைத்துவிட்டால் கூட்டத்துக்கு ஏறக்குறைய எதுவும் கேட்காது. வாசிப்பவருக்கு மட்டும் மண்டைக்குள் கணகணவென்று ஒலிக்கும், பற்கள் அதிரும்.

கிட்டாரின் ஒலியும் தயாராக இருக்க வேண்டும். வாய் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, உள்ளே வந்ததிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டுமே அதற்குத் தெரியும். டிஸ்டார்ஷன் சேர்க்காத தெளிவான கிட்டார் ஒலியில் உயர்ந்த மேற்சுரங்கள் குறைவு. 2000 ஹெர்ட்ஸில் எதுவுமே இல்லையென்றால் 'ஈ'யை எதிலிருந்து எடுப்பது? டிஸ்டார்ஷன் கூட்டினால் மேற்சுரங்கள் நிறையும், சுரமும் நெடுநேரம் நிற்கும். புதிதாகப் பழகுபவரின் கிட்டார் எதைச் சொன்னாலும் 'வா வா' என்று மட்டும் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்து பார்க்க வேண்டியது தொண்டையை. பழக்கத்தில் குரலும் சேர்ந்து முனகிவிட்டால் இரண்டு ஒலிகள் மோதிச் சொல் குழம்பும்.

உயிரெழுத்துகள் சுலபமாக வசப்படும். மெய்யெழுத்துகள்தான் கடினம். உதட்டின் ஓரத்தில் குழாய் இருப்பதால் 'ப'வுக்கு உதடு முழுதாக மூடாது. 'ம', 'ன' இரண்டுக்கும் ஒலி மூக்கு வழியாக வர வேண்டும், குழாயின் ஒலியோ வாயில்தான் இருக்கிறது. 'க'வுக்கு நாக்கின் அடிப்பகுதி தொண்டைப் பக்கம் அடைக்கும். குழாயின் வாய் அதற்கு முன்னால் இருப்பதால் அந்த அடைப்பு கிட்டாரை நிறுத்தாது. கம்பியைக் கையால் அமுக்கி ஒலியை நிறுத்தி, கிசுகிசுப்பாக ஒரு 'க்' வைத்தால்தான் உண்டு.

இதைத் தெரிந்துகொண்டு ஃபிராம்ப்டனின் பாட்டுத் தலைப்பைச் சொல்லிப் பாருங்கள். மூக்கொலி ஒன்றுகூடக் கிடையாது. உதடு முழுதாக மூட வேண்டிய எழுத்தும் இல்லை. 'யூ' என்பது 'ஈ'யிலிருந்து 'ஊ'வுக்கு வழுக்கும் ஒரே அசைவு, 'வி' அதற்கு நேர் எதிர்த்திசை. 'ஃபீ'யின் தொடக்கத்துக்குக் கொஞ்சம் மூச்சு போதும். 'லைக்' என்பதன் கடைசி 'க்' ஒன்றுதான் இடைஞ்சல். மொத்தத் தொடரும் 'ஊ'வுக்கும் 'ஈ'க்கும் நடுவில் ஊஞ்சலாடுகிறது. வாயில் மிகத் தொலைவில் நிற்கும் இரண்டு உயிர்கள் இவை, காது இவற்றைக் குழப்பிக்கொள்ளவே முடியாது. இந்தப் பாட்டு முதலில் வந்தது 1973ல், ஹைலின் பெட்டி ஃபிராம்ப்டன் கைக்கு வருமுன். பெட்டியை மனதில் வைத்து எழுதாத தொடர் அதற்கு இவ்வளவு பொருந்தியது பெரிய அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன்.

கூட்டமும் தன் பங்கைச் செய்கிறது. கிட்டார் கேட்பதற்கு முன்பே ஃபிராம்ப்டன் அதே சொற்களைத் தன் குரலில் பாடியிருப்பார். காது அவற்றை எதிர்பார்த்துக் காத்திருக்கும், விடுபட்ட மெய்யெழுத்துகளை மனமே நிரப்பிக்கொள்ளும். முன்பின் கேட்டிராத ஒரு வாக்கியத்தை டாக் பாக்ஸில் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. இந்த எல்லையை அறிந்தவர்கள்தான் கருவியை நன்றாகக் கையாண்டிருக்கிறார்கள்.

சிலர் சொல்லையே விட்டுவிட்டார்கள். 1986ல் வந்த பான் ஜோவி குழுவின் 'லிவின் ஆன் எ பிரேயர்' தொடங்கும்போது ரிச்சி சம்போரா வாசிப்பதில் எந்த வார்த்தையும் இல்லை. வாயைத் திறந்து மூடும் அசைவு தாளத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் மனிதத் தொண்டை ஒன்று முணுமுணுப்பதுபோலவே கேட்கும். ஏரோஸ்மித் குழுவின் 'ஸ்வீட் இமோஷன்' பாட்டில் 1975லேயே ஜோ பெர்ரி இந்த வழியில் போயிருந்தார். பாட்டின் முகப்பில் வரும் டாக் பாக்ஸ் அங்கே ஒரு நிறமாகவே பயன்படுகிறது.

என் காதுக்கு இவர்கள் எல்லோரையும்விடத் துணிச்சலானவர் பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர். 1977ல் வந்த 'அனிமல்ஸ்' இசைத்தட்டில் பன்றிகளின் பெயர் தாங்கிய ஒரு நீண்ட பாட்டு உண்டு. அதிலும் ஹைலின் பெட்டிதான். மற்றவர்கள் கிட்டாரை மனிதனாக்கப் பாடுபட்டார்கள். கில்மோர் அதே குழாயை வாயில் வைத்து, கிட்டாரைப் பன்றியாக உறுமவைத்தார்.