பில்லில் ஒரே சரக்கு இரண்டு தடவை

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, குடோனுக்கு இரும்பு ரேக் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சப்ளையர் கோவையில் இருக்கிறார். ஆர்டரில் உள்ளவை மூன்றுதான். ஒன்று 4,200 ரூபாய் வீதம் 12 ரேக், அது 50,400. கூடுதல் தட்டு, ஒன்று 480 ரூபாய் வீதம் 20; அது 9,600. வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் 2,000. மொத்தம் 62,000 ரூபாய். பேசி முடித்தபோது 2,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள், ஆர்டரிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆக 60,000 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 10,800. கட்ட வேண்டியது 70,800 ரூபாய்.

வந்த பில்லில் இருந்ததோ 82,488 ரூபாய்.

இப்படி ஒரு பில் கைக்கு வந்ததும் போனை எடுத்துச் சத்தம் போடுகிறவர்கள் ஒரு ரகம். சரியென்று தோன்றிய தொகையை மட்டும் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டிலும் வேலை முடிவதில்லை. முடிவது ஒரு நல்ல மெயிலில்தான். ஆனால் அதை எழுதுவதற்கு முன்னால், தவறு எங்கே நடந்தது என்பதை நாமே கண்டுபிடித்துவிட வேண்டும். “கணக்கு தப்பா இருக்கு, பாருங்க” என்று மட்டும் எழுதினால் சப்ளையரின் கணக்குப்பிள்ளை அதே எக்ஸெல் ஷீட்டைத் திறந்து, அதே கூட்டலைப் பார்த்து, “சரியாத்தானே இருக்கு” என்பார்.

பில்லில் நான்கு வரிசைகள் இருந்தன. தட்டு 20, ரூ. 9,600 என்பது இரண்டாவது வரிசையிலும் மூன்றாவது வரிசையிலும் இருந்தது. பார்த்தவுடன் இது தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒருவேளை கடையிலிருந்து யாராவது போன் பண்ணி இன்னும் 20 தட்டு கேட்டிருக்கலாம். அதனால் முதலில் குடோனுக்குப் போய்த் தட்டுகளை எண்ண வேண்டும். பிறகு டி.சி. என்று எல்லோரும் சொல்லும் டெலிவரி சலானை எடுக்க வேண்டும். இங்கே இரண்டு டி.சி. இருந்தன. முதல் நாள் டி.சி.யில் 12 ரேக்கும் 20 தட்டும் எழுதியிருந்தது. வண்டியில் இடம் இல்லாததால் தட்டு அன்று வரவில்லை. சரக்கை இறக்கியவர் தட்டு என்ற இடத்துக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மறுநாள் இரண்டாவது டி.சி.யில் அதே 20 தட்டு வந்து சேர்ந்தது. பில் போட்டவர் இரண்டு டி.சி.யையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தட்டச்சு செய்திருக்கிறார். அலுவலகத்தில் இருந்த டி.சி. நகலில் அந்தக் கையெழுத்துக் குறிப்பு கிடையாது. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, 9,600 கூடிவிட்டது, அதற்கு 18 சதவீதம் 1,728. இரண்டும் சேர்த்தால் 11,328. ஆனால் பில்லுக்கும் நம் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் 11,688. இன்னும் 360 ரூபாய் உதைக்கிறது. பலர் கோட்டை விடுகிற இடம் இதுதான். பெரிய தவறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சின்னதைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பில்லில் போட்ட ஜிஎஸ்டியை எடுத்து 18-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். எந்தத் தொகைக்கு வரி போட்டார்கள் என்பது தெரிந்துவிடும். இந்தப் பில்லில் சிஜிஎஸ்டி 6,444, எஸ்ஜிஎஸ்டி 6,444, மொத்தம் 12,888. அதை 18-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 71,600 வருகிறது. பில்லில் தள்ளுபடி போக எழுதியிருந்ததோ 69,600. ஆக, தள்ளுபடியைக் கழிப்பதற்கு முன்பிருந்த தொகைக்கு வரி கணக்கிடப்பட்டிருக்கிறது. எக்ஸெல்லில் வரிக்கான ஃபார்முலா ஒரு செல் மேலே கைகாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பில்லிலேயே காட்டிக் கொடுக்கிற தள்ளுபடிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது சட்டம். 2,000 ரூபாய்க்கு 18 சதவீதம் 360. கணக்கு நேராகிவிட்டது.

ஆண்டு விற்றுவரவு 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் இ-இன்வாய்ஸ் போட வேண்டும். அங்கே அரசுத் தளமே வரிக்கணக்கைச் சரிபார்ப்பதால் இந்த இரண்டாவது வகைத் தவறு பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும். எக்ஸெல்லிலும் கையாலும் பில் போடுகிற சிறிய சப்ளையர்களிடம்தான் இதை அதிகம் எதிர்பார்க்க வேண்டும். பைசா கணக்கில் வரும் வித்தியாசத்துக்கு மட்டும் மெயில் எழுதாதீர்கள். முழு ரூபாய்க்குச் சரிக்கட்டுவது முறையானதே.

இனி மெயில். யாருக்கு அனுப்புவது என்பதும் மரியாதையில் சேர்த்திதான். பில் போட்டவருக்கு அனுப்புங்கள். முதல் மெயிலிலேயே முதலாளிக்கும் ஒரு நகல் தட்டிவிட்டால், அங்கே ஒருவர் திட்டு வாங்குவார். அடுத்த முறை உங்கள் ஆர்டர் மெதுவாகத்தான் நகரும். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: பில் எண் 214 – தட்டு இரண்டு முறை, ஜிஎஸ்டி தொகை – திருத்திய பில் வேண்டி
>
> வணக்கம் சார்,
>
> ரேக், தட்டு எல்லாம் நல்லபடியாக வந்து சேர்ந்தன. நன்றி. பில் எண் 214-ஐ எங்கள் ஆர்டரோடும் டி.சி.யோடும் ஒத்துப் பார்த்தபோது இரண்டு இடத்தில் வித்தியாசம் தெரிகிறது.
>
> முதலாவது, 20 தட்டு (ரூ. 9,600) வரிசை 2-லும் 3-லும் வந்திருக்கிறது. முதல் டி.சி.யில் எழுதிய தட்டு அன்று வரவில்லை, மறுநாள் இரண்டாவது டி.சி.யில் வந்தது. குடோனில் எண்ணிப் பார்த்தோம், மொத்தம் 20 தட்டு இருக்கிறது. வேறு ஏதாவது டி.சி.யில் தட்டு அனுப்பியிருந்தால் அதன் எண்ணைச் சொல்லுங்கள், உடனே பார்க்கிறோம்.
>
> இரண்டாவது, ஜிஎஸ்டி ரூ. 12,888 என்பது தள்ளுபடிக்கு முந்தைய ரூ. 71,600-க்குப் போடப்பட்டதாகத் தெரிகிறது. ரூ. 2,000 தள்ளுபடியைக் கழித்த பிறகு வரி வர வேண்டும்.
>
> எங்கள் கணக்குப்படி சரக்கும் வாடகையும் ரூ. 62,000, தள்ளுபடி போக ரூ. 60,000, ஜிஎஸ்டி ரூ. 10,800, மொத்தம் ரூ. 70,800. நீங்களும் ஒருமுறை சரிபார்த்து, இந்த மாதத்துக்குள் திருத்திய பில் அனுப்பினால் உங்கள் ரிட்டர்னிலும் சரியான தொகையே போய்விடும். பில் வந்ததும், பேசியபடி அதே கெடுவுக்குள் பணம் அனுப்பிவிடுகிறோம்.
>
> ஆர்டர், கையெழுத்திட்ட இரண்டு டி.சி., பில் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.
>
> நன்றி.

இந்த மெயிலில் ‘நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள்’ என்று எங்கும் இல்லை. ‘தட்டு இரண்டு முறை வந்திருக்கிறது’, ‘வரி போடப்பட்டதாகத் தெரிகிறது’ என்று பில்லைத்தான் பேசவைத்திருக்கிறோம், ஆளை இல்லை. அதே சமயம் ‘மன்னிக்கவும், தொந்தரவுக்கு வருந்துகிறோம், தவறாக நினைக்க வேண்டாம்’ என்று குழையவும் இல்லை. அளவுக்கு மீறிக் குழைந்தால், நமக்கே நம் கணக்கில் நம்பிக்கை இல்லாதது போலத் தெரியும். இரண்டு தவறையும் தனித்தனியாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. தட்டை மட்டும் சொல்லியிருந்தால் அவர் ஒரு வரிசையை அழித்துவிட்டு ரூ. 71,160-க்கு பில் அனுப்புவார். ஃபார்முலா அப்படியே இருக்கும். பணம் எப்போது வரும் என்பதையும் மெயிலிலேயே சொல்லிவிட்டோம். பில்லில் குறை சொல்கிறவர்களைப் பார்த்தால் சப்ளையருக்கு வரும் முதல் சந்தேகம், “பணத்தை இழுத்தடிக்கப் பார்க்கிறாங்களோ” என்பதுதானே.

மெயில் போன பிறகு ஒரு போன். “அண்ணே, மெயில் ஒண்ணு போட்டிருக்கேன், நேரம் இருக்கறப்ப பாருங்க” என்றால் போதும். விவரத்தைப் போனில் விவாதிக்க வேண்டாம். எழுத்தில் இருப்பதே பின்னால் உதவும்.

‘எப்படியும் ஜிஎஸ்டியை இன்புட்டாக எடுத்துக்கொள்வோமே, கூடக் கட்டினால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. வராத தட்டுக்குக் கொடுத்த 9,600 ரூபாயை எந்த இன்புட்டும் திருப்பித் தராது. வந்து சேராத சரக்குக்கு இன்புட் எடுக்கவும் சட்டம் இடம் தரவில்லை. மறுபக்கம், சப்ளையர் அந்தப் பில்லை அப்படியே கணக்கில் காட்டினால், விற்காத சரக்குக்கும் கொடுத்த தள்ளுபடிக்கும் சேர்த்து 2,088 ரூபாய் வரியைத் தன் பையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். நாம் பேசாமல் 70,800 மட்டும் அனுப்பினால் அதுதான் நடக்கும். போதாததற்கு அவர் லெட்ஜரில் நம் பெயரில் 11,688 ரூபாய் பாக்கி என்று நிற்கும். ஆக, தவறைச் சொல்வது அவருக்கும் லாபமான காரியம். மெயிலில் தயக்கம் இல்லாமல் எழுத இந்த ஒரு காரணமே போதும்.

நாள் கணக்கு முக்கியம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் தன் விற்பனை பில்களை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்ற வேண்டும். 14-ஆம் தேதி அது நம் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் தெரியும். ஏற்றுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் பழைய பில்லை ரத்து செய்து புதிய எண்ணில் சரியான பில் தருவது சுலபம். இ-இன்வாய்ஸ் என்றால் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். இந்தக் கட்டங்களைத் தாண்டிவிட்டால் பில்லைத் தொட வேண்டாம், கிரெடிட் நோட் கேளுங்கள். நம் கணக்கில் அது 11,688 ரூபாய்க்கு வரும்: சரக்கு 9,600, ஜிஎஸ்டி 2,088. கூடுதல் இன்புட்டை ஏற்கெனவே எடுத்திருந்தால் அதைத் திருப்ப வேண்டியது நம் பொறுப்பு. நாம் திருப்பினால்தான் அவரால் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியும்.

ஜிஎஸ்டி தளத்தில் 2024 அக்டோபரிலிருந்து, வந்த பில்லை ஏற்கவும் நிராகரிக்கவும் வசதி வந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே நிராகரிப்பை அழுத்துவது, வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவது போல. மெயிலுக்கும் போனுக்கும் பதிலே இல்லாதபோது அதைப் பயன்படுத்துங்கள்.

திருத்திய பில் வந்ததும் மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். வரியை மறுபடி 18-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கி, 60,000 வருகிறதா பாருங்கள். பழைய பில்லின் மேல் ‘ரத்து’ என்று எழுதிக் கோப்பில் வையுங்கள், இல்லாவிட்டால் வருடக் கடைசியில் யாராவது அதற்கும் ஒருமுறை பணம் அனுப்பிவிடுவார்கள். கிரெடிட் நோட்டாக வாங்குவதானால், சப்ளையர் அதைக் கணக்கில் காட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் நேரம். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அந்தத் தேதியோடு கதவு அடைபட்டுவிடும்.