நடுங்கும் எண்ணுக்கு எட்டு இடங்கள்

எல்எம்35 என்ற வெப்ப சென்சாருக்கு மூன்று கால்கள். ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் என்ற கணக்கில் அது மின்னழுத்தம் தரும். அறையில் 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். இதை ஆர்டுயினோ ஊனோ பலகையில் இணைத்தால், பலகை 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள அளவை 1,024 படிகளாகப் பிரித்து, எத்தனையாவது படி என்று ஓர் எண்ணைத் தரும். ஒரு படி ஏறக்குறைய அரை டிகிரி. 30 டிகிரிக்கு 61 வரவேண்டும். ஆனால் வருவதோ 61, 62, 61, 63, 60, 61, 62, 61 என்று குதிக்கும். அறையின் சூடு கண் இமைக்கும் நேரத்தில் இப்படி ஏறி இறங்காது. குதிப்பது கம்பியிலும் மின்சாரத்திலும் உள்ள இரைச்சல்.

கடைசி எட்டு அளவீடுகளின் சராசரியைக் காட்டினால் இந்த நடுக்கம் அடங்கும். புது அளவீடு வரும்போதெல்லாம் எட்டையும் மறுபடி கூட்டத் தேவையில்லை. எட்டு இடங்களை ஒரு வளையமாக வைத்துக்கொண்டு, மொத்தத்தைத் தனியே எழுதி வைத்தால் போதும். மிகப் பழையதை மொத்தத்திலிருந்து கழித்து, அதே இடத்தில் புதியதை வைத்து, மொத்தத்தில் கூட்டிவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். எட்டாம் இடத்துக்குப் பிறகு மறுபடி முதல் இடம்.

```
uint16_t ring[8], sum = 0;
uint8_t pos = 0;

uint16_t add(uint16_t x) {
  sum -= ring[pos];
  ring[pos] = x;
  sum += x;
  pos = (pos + 1) & 7;
  return sum;
}
```

எட்டு என்ற எண்ணிக்கையில் ஒரு வசதி இருக்கிறது. ஊனோவின் சில்லில் வகுப்பதற்கென்று தனிச் சுற்று இல்லை. ஆனால் எட்டால் வகுப்பது பிட்டுகளை மூன்று இடம் தள்ளுவதுதான். முழு எண்ணிலேயே கணக்கிடுவதற்கு வேகம் மட்டும் காரணமல்ல. உள்ளே போன எண்ணே அப்படியே வெளியே வருவதால், மாதக்கணக்கில் ஓடினாலும் மொத்தத்தில் பிசகு சேராது. டிகிரியாக மாற்றிய தசம எண்களை இப்படிக் கூட்டிக் கழித்தால், ஒவ்வொரு முறையும் கடைசி இலக்கத்தில் விழும் சிறு பிழை மொத்தத்திலேயே தங்கிவிடும்.

முழு எண்ணிலும் ஒரு பள்ளம் உண்டு. மேலே உள்ள எட்டின் மொத்தம் 491. எட்டால் வகுத்தால் 61.375. முழு எண் கணக்கு பின்னத்தை வெட்டிவிட்டு 61 என்று மட்டும் சொல்லும். அதை டிகிரியாக்கினால் 29.7. மாறாக, வகுக்காமல் மொத்தத்தையே எடுத்து, 5000-ஆல் பெருக்கி, கடைசியில் ஒரே தடவை 8192-ஆல் வகுத்தால் 299, அதாவது 29.9 டிகிரி. கூடுதலாகக் கிடைத்த அந்தத் துல்லியம் மொத்தத்துக்குள்ளேயே இருந்தது. அவசரப்பட்டு வகுத்தால் அது போய்விடும். பெருக்கலுக்கு மட்டும் 32 பிட் எண் வேண்டும், 16 பிட்டில் 491 × 5000 அடங்காது.

எவ்வளவு இடைவெளியில் அளப்பது என்பதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஓர் அலைக்கு 20 மில்லிநொடி. நீளமான சென்சார் கம்பி அந்த அலையையும் வாங்கிக்கொள்ளும். 2.5 மில்லிநொடிக்கு ஒருமுறை அளந்தால் எட்டு அளவீடும் சரியாக ஓர் அலைக்குள் பரவி நிற்கும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அதே எட்டை 20 மில்லிநொடிக்கு ஒன்றாக அளந்தால் எல்லாம் அலையின் ஒரே புள்ளியில் விழும், சராசரியால் பயனே இல்லை. மின்வாரியத்தின் 50 எப்போதும் துல்லியமான 50 அல்ல என்பதால், அந்தப் புள்ளியும் மெல்ல நகரும். திரையில் சூடு நிதானமாக ஏறி இறங்குவது போலவே தெரியும். சந்தேகம் வந்தால் இடைவெளியைச் சற்று மாற்றிப் பார்க்கலாம்: ஏறி இறங்கும் வேகமும் சேர்ந்து மாறினால் அது அறையின் சூடு அல்ல.

தொடக்கத்தில் வளையம் முழுக்கப் பூஜ்யம் என்பதால் முதல் விடை 3.7 டிகிரி என்று வரும். முதல் அளவீட்டையே எட்டு இடங்களிலும் நிரப்பிவிட்டுத் தொடங்கினால் தீர்ந்தது.

சராசரிக்கு அடங்காத ஒன்று, திடீர்ப் பாய்ச்சல். பக்கத்தில் ரிலே ஒன்று அடித்து ஒரேயொரு அளவீடு 600 என்று வந்துவிட்டால், அந்த 600 வளையத்தை விட்டுப் போகும்வரை, எட்டு விடைகளிலும் ஏறத்தாழ 33 டிகிரி கூடியிருக்கும். வளையத்தைப் பெரிதாக்கினால் பிழை சிறுக்கும், ஆனால் நீண்ட நேரம் தங்கும். இதற்கு வேறு மருந்து: வளையத்துக்குள் விடும் முன் மூன்று அளவீடுகள் எடுத்து, பெரியதையும் சிறியதையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ளதை மட்டும் உள்ளே அனுப்புவது.