பாடத்திலிருந்தே பன்னிரண்டு பதிவுகள்



2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, மூதூர், கட்டைபறிச்சான் பக்கத்துப் பிள்ளைகளின் பாடமும் உம்மாவின் கைபேசிக்குள் வந்து சேர்ந்தது. பிறகு பள்ளிகள் திறந்தன. ஆனால் வீட்டிலிருந்தபடி இணையத்தில் வகுப்பு நடத்தும் வழக்கம் பல சகோதரிகளிடம் தங்கிவிட்டது. அவர்களுக்குக் கற்பிப்பதை விட, தாம் கற்பிப்பதைப் பிற தாய்மாருக்குத் தெரியப்படுத்துவதே சிரமமாக இருக்கிறது. முதல் வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் ஏதாவது போடுகிறார்கள். இரண்டாம் வாரம் விஷயம் தீர்ந்து, "காலை வணக்கம்" படத்தில் வந்து நின்றுவிடுகிறது.

ஏன் தீர்ந்துபோகிறது? பதிவைத் தனியாக யோசிப்பதால்தான். வகுப்புக்காக நீங்கள் எப்படியும் தயாரிக்கும் பாடத்திலிருந்தே அதை வெட்டி எடுத்தால் தீராது.

ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொப்பியில் நான்கு வாரத்துக்கும் கோடு போட்டு, அந்தந்த வாரப் பாடத்தை முதலில் எழுதுங்கள்: பின்னங்களைக் கூட்டல், கழித்தல், பெருக்கல், கடைசி வாரம் கடைக் கணக்குகள். பிறகு ஒவ்வொரு வாரத்துக்கும் திங்கள், புதன், சனி என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். மாதத்துக்குப் பன்னிரண்டு. இதற்கு மேல் வேண்டாம். அடுப்பும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் தினசரிப் பதிவு நிலைக்காது.

திங்களன்று பிள்ளைகள் வழக்கமாக விடும் ஒரு பிழையைக் காட்டுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அதை வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிப் படமெடுத்து, கீழே ஒரே வரி: "அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அரையை விடக் குறையுமா?" 2/5 அரையிலும் சிறியது அல்லவா! கணிதம் படிக்காத தாய்க்கும் இது விளங்கும், "நம்ம பிள்ளையும் இப்படித்தான் எழுதுகிறானோ?" என்று அன்றிரவே கொப்பியைப் புரட்டிப் பார்ப்பார்.

புதனன்று சரியான வழி. ஒரு ரொட்டியை ஆறு துண்டாக வெட்டுங்கள். அரை என்பது மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு. ஆக ஐந்து துண்டு, அதாவது 5/6. சனியன்று அதே வகையில் ஒரு கேள்வி கேட்டு, விடையைப் பிள்ளையின் குரலிலேயே அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வாரமும் இதே ஒழுங்குதான். பாடம் மட்டும் மாறும்.

நான்காம் வாரத்தின் புதனையும் சனியையும் அறிவிப்புக்கு ஒதுக்கி வையுங்கள். புதிய மாத வகுப்பின் நாள், நேரம், கட்டணம், எத்தனை பிள்ளைகளுக்கு இடம் என்பவற்றை மறைக்காமல் எழுதுங்கள். சூம் இலவசக் கணக்கில் வகுப்பு 40 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஆகவே 35 நிமிடம் என்றே சொல்லிவிடுவது நேர்மை. ரமழான் நெருங்கும் மாதமென்றால் இந்த வாரத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பிறை தெரிந்த பிறகுதான் வகுப்பு நேரம் உறுதியாகும்.

பன்னிரண்டையும் ஒரே நாளில், பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துவிடலாம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், இஷாவுக்குப் பின் அடுக்களை ஓய்ந்த நேரத்தில் போடுங்கள். மறுநாள் இரவு வரை இருக்கும். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமிக்காதவருக்கு உங்கள் ஸ்டேட்டஸ் தெரியாது. பலருக்கு ஒன்றாக அனுப்பும் 'பிராட்காஸ்ட்' செய்தியும் போய்ச் சேராது. "நான் போட்டும் யாரும் பார்க்கவில்லையே" என்ற மனக்குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். புதிதாகக் கேட்டு வரும் தாயிடம் முதலில் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் தவிருங்கள். பிள்ளையின் முகத்தையோ பெயரோடு கூடிய புள்ளியையோ போடாதீர்கள். தொண்ணூறு எடுத்த பிள்ளையின் தாய் மகிழ்வார். நாற்பது எடுத்த பிள்ளையின் தாய் மறுமாதம் வகுப்பை நிறுத்திவிடுவார்.

ஸ்டேட்டஸ் மறைவதற்கு முன்பே அதே கொப்பியின் ஓரத்தில், ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விடை அனுப்பினார்கள் என்று குறியுங்கள். பார்த்தவர் பலர், விடை சொன்னவர் எவருமில்லை என்றால் கேள்வி கடினம். பார்த்தவர்களே குறைவென்றால் நேரம் பிழை. மஃரிபுக்கு முன் போட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர வந்த தாயிடம், "எதைப் பார்த்துக் கேட்டீர்கள் ராத்தா?" என்று விசாரித்து, அந்தக் கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். அடுத்த மாதக் கோடுகளைப் போடும்போது, சிவப்பு விழுந்த கட்டங்களைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.