மோட்டார் இல்லாமல் பொங்கிய தண்ணீர் ஏன் நின்றது?



நெய்வேலிக்குக் கிழக்கே உள்ள ஒரு ஊரில் போன மாதம் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி முடித்த பிறகு, ஆறு பேர் சேர்ந்து கடன் கேட்டு ஒரு மனு கொடுத்தார்கள். கூட்டாகக் காய்கறி பயிர் வைக்கும் நிலத்தில் புது போர் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. ஏற்கெனவே அங்கே ஒரு போர் இருக்கிறதே என்று கேட்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "அது எங்க மாமனார் காலத்துல போட்டது மேடம். அப்பல்லாம் மோட்டாரே கிடையாது. பைப்புல தண்ணி தானா கொட்டும். இப்ப நின்னு போச்சு. தண்ணி கீழ போயிடுச்சு, அதான் இன்னும் ஆழமாப் போடலாம்னு இருக்கோம்."

தண்ணீர் கீழே போய்விட்டது என்பது பாதிதான் உண்மை. அந்த ஊர்களில் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மீதிப் பாதி விளங்கும்.

சித்தாள் வேலைக்குப் போனவர்கள் மேஸ்திரி மட்டம் பார்க்கும் டியூப்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நுனியைத் தூக்கினால் அடுத்த நுனியிலும் தண்ணீர் அதே உயரத்துக்கு ஏறி வந்து நிற்கும். யாரும் இறைப்பதில்லை. ஒரு பக்கம் நிற்கிற தண்ணீரின் எடைதான் மறுபக்கத் தண்ணீரை மேலே தள்ளுகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்குத் தண்ணீர் வேகமாக வருவதும் இதனால்தான்.

இதே மாதிரி ஒரு டியூப் பூமிக்குள் மைல் கணக்கில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டே போனால் மணலும் களிமண்ணும் மாறி மாறி வரும். மணல் தண்ணீரை விடும், களிமண் சுலபத்தில் விடாது. மேலே ஒரு களிமண் படுகை, கீழே ஒன்று, நடுவில் தண்ணீர் நிறைந்த மணல். தண்ணீர் நடுவிலேயே அடைபட்டுக் கிடக்கிறது.

இந்தப் படுகைகள் தட்டையாக இல்லை, கிழக்கே கடலைப் பார்த்துச் சரிந்திருக்கின்றன. மேற்கிலும் வடக்கிலும், முந்திரி விளைகிற செம்மண் மேட்டுப் பக்கம், இந்த மணல் மேலே வந்து வெளியில் தெரிகிறது. அங்கே பெய்கிற மழைதான் உள்ளே இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் களிமண் மூடிக்கு அடியில் சரிந்து நம் ஊர்ப்பக்கம் வருகிறது. வேகம் மிகவும் குறைவு, வருஷத்துக்குச் சில மீட்டர்தான் நகரும். நாம் இன்று குடிப்பது ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் பெய்த மழையாகக்கூட இருக்கலாம். மேட்டில் நிற்கிற தண்ணீரின் எடை பள்ளத்தில் இருக்கிற தண்ணீரை அழுத்திக்கொண்டே இருக்கும். மூடி இருப்பதால் அது மேலே வர வழியில்லை. போர் போட்டுக் களிமண்ணை ஓட்டை பண்ணினால் அதுதான் வழி. மேட்டின் தண்ணீர் மட்டத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்து, தண்ணீர் குழாயில் ஏறும். நம் நிலம் அந்த மட்டத்தைவிடப் பள்ளமாக இருந்தால் குழாய் வாயில் பொங்கி வழியும். நிலம் கொஞ்சம் மேடாக இருந்தால் பாதிக் குழாய் வரை ஏறி நின்றுவிடும். இரண்டும் ஒரே சங்கதிதான். இதைத்தான் ஆர்ட்டீசியன் கிணறு என்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் ஆர்த்துவா என்ற வட்டாரத்தில் பழைய காலத்திலேயே இப்படிக் கிணறுகள் இருந்ததால் வந்த பெயர்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கண்டுபிடித்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்காரரின் பூமியில் போட்ட ஆர்ட்டீசியன் போரில், பொங்கி வந்த தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதுதான் நிலக்கரி. தண்ணீர் தேடப் போய்க் கரி கிடைத்தது. பிறகு கரி எடுக்கப் போனபோது அதே தண்ணீர் குறுக்கே நின்றது.

நிலக்கரிக்கு நேர் கீழேதான் அழுத்தமான மணல் படுகை இருக்கிறது. அந்தத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிற அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய நம் கட்டைவிரல் நகம் அளவு இடம். அந்தச் சின்ன இடத்தில் 6 கிலோ அரிசி மூட்டையைத் தலைகீழாக வைத்து மேலே தள்ளுகிற மாதிரி. இதை எது அடக்கி வைத்திருக்கிறது? மேலே கிடக்கிற மண்ணின் எடை. 10 அடி மண், நகம் அளவு இடத்தில் சுமார் 0.6 கிலோ எடை கொடுக்கும். 6 கிலோவை அடக்க 100 அடி மண் வேண்டும். சுரங்கம் வெட்டுகிறபோது அந்த மண்ணைத்தான் வாரிவிடுகிறார்கள். மிச்சம் 50 அடி நிலக்கரி மட்டும் இருந்தால் அதன் எடை 2 கிலோவைக்கூடத் தொடாது, கரி மண்ணைவிட லேசு. கீழிருந்து 6 கிலோ, மேலிருந்து 2 கிலோ. சுரங்கத்தின் தரை பிளந்து தண்ணீர் புகுந்துவிடும்.

அதனால் சுரங்கத்தைச் சுற்றிலும் பெரிய போர்கள் போட்டு, ராத்திரி பகல் பாராமல் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1961 ஆகஸ்டில் முதன்முதலாக நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. கரி எடுக்கிற வரைக்கும் இந்த இறைப்பை நிறுத்த முடியாது.

படுகை ஒன்றுதான், அது சுரங்கத்தின் வேலியோடு நிற்பதில்லை. ஒரு இடத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் சுற்றிலும் குறையும். மேஸ்திரி டியூப்பில் ஒரு ஓட்டை விழுந்தால் இரண்டு நுனியிலும் மட்டம் இறங்குகிற மாதிரி. பழியைச் சுரங்கத்தின் மேல் மட்டும் போட முடியாது. நாமும் கரும்புக்கும் நெல்லுக்கும் ஆயிரக்கணக்கில் போர் போட்டு இழுத்தோம். அதற்கும் முன்னால், தானாகப் பொங்கிய காலத்தில், வால்வு போடாமல் வருஷம் முழுக்க வாய்க்காலில் ஓடவிட்டவர்களும் உண்டு. காசு கொடுக்காமல் வருகிற தண்ணீரை யார் மூடி வைப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு போரும் பக்கத்து வயல் போரின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான் குறைக்கிறது.

இனி அந்த ஆறு பேரின் மனுவுக்கு வருகிறேன். கடன் பேசுவதற்கு முன்னால் பழைய போரில் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். பக்கத்து மோட்டார்கள் ஓடாத விடியற்காலையில், ஒரு கயிற்றில் சின்ன இரும்புக் குண்டைக் கட்டிக் கேசிங் பைப்புக்குள் இறக்கினோம். தண்ணீர் பட்ட சத்தம் கேட்ட இடத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தோம். 36 அடி. போரின் மொத்த ஆழம் 300 அடி. பழைய நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்குப்படி மணல் ஆரம்பிப்பது 260 அடியில்.

இங்கேதான் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். 260 அடியில் இருக்கிற மணலின் தண்ணீர், இன்னும் 224 அடி மேலே ஏறித்தான் நிற்கிறது. மணல் காலியாகவில்லை, அழுத்தம்தான் குறைந்திருக்கிறது. முன்பு தரைக்கு மேலே வரை தள்ளியது, இப்போது 36 அடி கீழே வரை தள்ளுகிறது. இன்னும் ஆழமாகப் போர் போட்டு அதே மணலுக்குள் இறங்கினால் தண்ணீர் மறுபடி அதே 36 அடியில்தான் வந்து நிற்கும். கடன் மட்டும் ஏறும்.

"அப்ப மேல வைக்கிற மோட்டாரு போதுமா?" என்று ஒரு தங்கை கேட்டாள். போதாது. தரையில் வைக்கிற மோட்டார் 23, 24 அடிக்குக் கீழே இருந்து தண்ணீரை உறிஞ்சாது, எத்தனை குதிரைத்திறன் போட்டாலும் சரி. தண்ணீருக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள்தான் வேண்டும். அதை 300 அடியில் இறக்க வேண்டிய அவசியமும் இல்லை. போர் ஆழம் வேறு, தண்ணீர் நிற்கிற ஆழம் வேறு. ஒரு வாடகை மோட்டாரை வைத்து நான்கு மணி நேரம் ஓட்டி அளந்தபோது மட்டம் 36-லிருந்து 58 அடிக்கு இறங்கி அதற்குமேல் இறங்காமல் நின்றது. கோடையில் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று வைத்து, 100 அடியில் மோட்டாரை நிறுத்தலாம் என்று முடிவானது. பைப்பும் ஒயரும் அந்த அளவுக்கு வாங்கினால் போதும். புது போர் என்று எழுதிய மனுவைக் கிழித்துவிட்டு மோட்டாருக்கு மட்டும் வேறு மனு எழுதினார்கள். தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

எல்லா ஊரிலும் இப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுற்றிலும் உள்ள போர்களில் எல்லாம் மட்டம் ஒன்றாக இறங்கியிருந்தால் அது படுகையின் அழுத்தம் குறைந்ததால். உங்கள் போரில் மட்டும் இறங்கி, பக்கத்து வயலில் பழையபடி இருந்தால் குற்றம் உங்கள் குழாயில் இருக்கும். ஜல்லடை பைப்பில் மணல் அடைத்திருக்கலாம். கேசிங் துருப்பிடித்து ஓட்டையாகி, கீழிருந்து ஏறுகிற தண்ணீர் பாதி வழியில் மேல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். மழை இல்லாத மாதத்திலும் போரைச் சுற்றித் தரை ஈரமாக இருப்பது, பக்கத்துத் திறந்த கிணற்றில் காரணமில்லாமல் தண்ணீர் ஏறுவது, இரண்டும் இதற்கு அடையாளம்.

இன்னொரு கேள்வியும் வந்தது. ஊரில் உறிஞ்சு குழி வெட்டினால் பழையபடி பொங்குமா என்று. குழியில் இறங்குகிற மழை திறந்த கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் உதவும், அதற்காக வெட்டலாம். ஆனால் நடுவில் களிமண் மூடி இருப்பதால் 260 அடி மணலுக்கு அது போய்ச் சேராது. அந்த மணலுக்கு மழை இறங்குகிற வாசல் மேற்கே செம்மண் மேட்டில் இருக்கிறது.

நோட்டில் 36 அடி என்று எழுதிய இடத்துக்குக் கீழே மாதா மாதம் எழுதக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழை முடிந்து அளந்தபோது 33 அடி. சித்திரையில் அளந்தால்தான் உண்மை தெரியும் என்று அந்த மூத்த உறுப்பினரே சொல்லிவிட்டார்.

- கள ஒருங்கிணைப்பாளர்