டிபன் யோசனைக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு?

“எனக்குச் சர்க்கரை. போன வாரம் எடுத்த டெஸ்ட்டில் எச்பிஏ1சி 8.2. மெட்ஃபார்மின் இரண்டு வேளை போடுகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ராத்திரிக்கு என்ன டிபன் செய்யலாம்?”

ஏஐ உரையாடல் செயலி ஒன்றில் ஒருவர் இப்படித் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது ஒரு டிபன் யோசனை. அதற்குள் நான்கு அந்தரங்கங்களைக் கொட்டிவிட்டார். இதில் எதைச் செயலி நாளைக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

இந்தச் செயலிகளுக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. பழைய பேச்சு எதுவும் தெரியாமல்தான் ஒவ்வொரு உரையாடலும் தொடங்கும். அந்தக் குறையைப் போக்க, 2024-ல் சாட்ஜிபிடி நினைவு வசதியைக் கொண்டுவந்தது. மற்றவையும் அதே வழியில் போகின்றன. பொதுவாக இது நடப்பது இப்படி: பேச்சிலிருந்து பயன்படும் என்று தோன்றுவதைச் செயலி சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி ஒரு சேமிப்பகத்தில் போடுகிறது. அடுத்த முறை நீங்கள் வந்ததும், பொருத்தமான வாக்கியங்களை எடுத்து உங்கள் கேள்வியோடு சேர்த்துப் படிக்கிறது. ஆக, எல்லாம் அந்த எழுதும் நேரத்தில்தான் இருக்கிறது.

சோம்பேறித்தனமாக வடிவமைத்த செயலி, “பயனருக்கு நீரிழிவு, எச்பிஏ1சி 8.2, குடும்பத்துக்குத் தெரியாது” என்று எழுதி வைக்கும். யோசித்துச் செய்த செயலி, “உணவு யோசனையில் சர்க்கரையையும் மைதாவையும் தவிர்க்கவும்” என்று மட்டும் எழுதும். அடுத்த வாரம் வரும் டிபன் யோசனை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வீட்டில் வேறொருவர் அதே போனை எடுத்துப் பேசும்போது, முதல் செயலி “உங்கள் சர்க்கரை அளவுக்கு...” என்று தொடங்கிவிடும். சேமிப்பகம் திருடுபோனாலும் அதே கதைதான்.

காரணத்தை விட்டுவிட்டால் சில இடங்களில் ஆபத்தும் உண்டு. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு “வேர்க்கடலை பிடிக்காது” என்று மட்டும் பதிவானால், செயலி தயங்காமல் கடலை எண்ணெயில் தாளிக்கச் சொல்லும். அங்கே நோயின் பெயரைவிட முக்கியம் கண்டிப்பின் அளவு: “வேர்க்கடலை எந்த வடிவிலும் கூடாது, எண்ணெய் உட்பட, விதிவிலக்கு இல்லை.” இது போதும். மருந்தோடு மருந்து ஒத்துப்போகுமா என்ற கேள்வி வந்தால், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம். இரண்டு வருடம் பழைய பட்டியலை நம்புவதைவிட அதுதான் பாதுகாப்பு.

எண்களைத் தடுப்பது சுலபம். ஆதாருக்கு 12 இலக்கம். பான் எண்ணுக்கு ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், மறுபடி ஓர் எழுத்து. இந்த வடிவங்களைச் சாதாரண வடிகட்டியே பிடித்துவிடும். “கரு கலைந்த பிறகு தூக்கமே இல்லை” என்ற வாக்கியத்தில் அப்படிப் பிடிக்க எந்த வடிவமும் இல்லை. வடிகட்டி வைத்துவிட்டோம் என்று நிறுவனங்கள் மார்தட்டுவதை நான் முழுதாக நம்பாததற்கு இதுவே காரணம். உடல்நலம், மதம், சாதி, கடன், காதல் என்று வகைகளைச் சொல்லி, இவற்றில் எதுவும் பயனர் கேட்டாலொழியப் பதிவாகக் கூடாது என்று எழுதும் கட்டத்திலேயே தடுக்க வேண்டும். அப்படியும் விருப்பமே காட்டிக்கொடுப்பது உண்டு: “ரமலானில் மஃக்ரிப்புக்குப் பிறகு நினைவூட்டு” என்றால் மதத்தைத் தனியாக எழுத வேண்டியதில்லை. இதற்கு முழுத் தீர்வு கிடையாது. அந்த மாதம் முடிந்ததும் அழியும்படி காலக்கெடு வைப்பதே நடைமுறை.

சட்டமும் இந்தப் பக்கம்தான். தேவைக்கு மேல் தகவல் திரட்டாதே என்பது 2018 முதல் ஐரோப்பாவில் அமலில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதி. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் உதாரணமே தருகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று போனிலுள்ள தொடர்பு எண்களைக் கேட்டு, நோயாளி சரி என்றே சொன்னாலும், சிகிச்சைக்கு அவை தேவையில்லாததால் அந்தச் சம்மதம் சிகிச்சைத் தகவல்களுக்கு மட்டுமே செல்லும்.

நீங்கள் ஏஐ செயலி பயன்படுத்துபவர் என்றால், அமைப்புகளில் நினைவுப் பட்டியலைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் படித்தால் சங்கடமாகுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆகும் என்றால் அந்த வரியை அழித்துவிட்டு, “இனி இப்படிச் செய்” என்ற கட்டளையாக மட்டும் திரும்பச் சொல்லுங்கள். பழைய உரையாடலையும் தனியாக அழியுங்கள். சாட்ஜிபிடியில் உரையாடலை அழித்தால் அதிலிருந்து சேமித்த நினைவு தானாகப் போய்விடாது.