தரவு அகராதி (மருத்துவ விரிதாள்)

மருத்துவ விரிதாளின் தரவு அகராதி என்பது, அதன் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், அலகு, ஏற்கத்தக்க மதிப்புகள், விடுபட்ட தரவுக் குறியீடுகள் ஆகியவற்றைத் தரும் தனி அட்டவணை ஆகும். வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரைக்கான பதிவு பின்வருமாறு அமையலாம்:

```
fbg_mgdl | mg/dL | 30-700 | -8, -9
```

அலகும் வரம்பும்

சில ஆய்வகங்கள் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோலில் தருகின்றன. அந்த அலகில் 7.0 என்பது டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் ஆகும். மாற்றுவதற்கு ஏறத்தாழ 18 ஆல் பெருக்க வேண்டும். மாற்றாமல் 7.0 என்றே உள்ளிட்டால், அது 30–700 வரம்புக்கு வெளியே விழுவதால் பிழை தெரிந்துவிடும். வரம்பு மீறிய மதிப்பை அழிக்காமல் மூல ஆவணத்துடன் ஒப்பிட வேண்டும்.

விடுபட்ட தரவு

வெற்றுக் கட்டம் காரணத்தைச் சொல்வதில்லை. எனவே இங்கு -8 என்பது பரிசோதனை செய்யப்படவில்லை என்பதையும், -9 என்பது செய்யப்பட்டும் முடிவு கிடைக்கவில்லை என்பதையும் குறிக்கின்றன. குறியீடு மெய்யான மதிப்பாக இருக்கக்கூடாது; வயதுக்கு 99 என்று வைத்தால் 99 வயது நோயாளியைப் பிரித்தறிய முடியாது.

பகுப்பாய்வுக்கு முன் இக்குறியீடுகளை விடுபட்டவை என மென்பொருளுக்கு அறிவிக்க வேண்டும். 110, 126, 140, -9 ஆகிய நான்கையும் எண்களாகவே எடுத்தால் சராசரி 91.75 என வரும். அது இயல்பான சர்க்கரை அளவு போலத் தோன்றுவதால் ஐயம் எழாது. மெய்யான மூன்று மதிப்புகளின் சராசரியோ 125.3. நெடுவரிசையின் சிறும மதிப்பைப் பார்த்தால் -9 வெளிப்பட்டுவிடும்.