கெலுலுட் தேன் ஏன் புளிக்கிறது? எப்படிக் காப்பது?

பினாங்கில் கெலுலுட் எனப்படும் கொடுக்கில்லாத் தேனீ, தேனை அறுகோண அறைகளில் அன்றி, மெழுகும் மரப்பிசினும் கலந்து செய்த சிறு குடங்களில் சேமிக்கிறது. அதன் தேனில் ஈரப்பதம் மிகுந்திருக்கிறது. பொதுத் தேனுக்கான உலகத் தர வரம்பு 20 விழுக்காடாக இருக்க, கெலுலுட் தேனுக்கான மலேசியத் தரநிர்ணயம் (எம்எஸ் 2683:2017) 35 விழுக்காடு வரை ஏற்கிறது. இவ்வளவு நீரில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகிச் சர்க்கரையைப் புளிக்கவைப்பதால், நுரையும் உப்பிய மூடியும் கெடுதலின் முதல் அடையாளங்களாகின்றன.

கெலுலுட் வளர்க்கத் தொடங்குவோருக்கு நான்கு கூடுகளே போதும். இத்தேனீ சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் மேய்வதால், பூக்கள் போதாத இடத்தில் கூடுகளைப் பெருக்குவது விளைச்சலைப் பெருக்காது. பாலிக் பூலாவ் போன்ற பழத்தோட்டப் பகுதியில், நல்ல மாதத்தில் கூடொன்றுக்கு அரை கிலோ எனக் கொண்டால், அத்தகைய ஆறு மாதத்தில் நான்கு கூடுகளிலிருந்து 12 கிலோ எதிர்பார்க்கலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான கனமழையில் தேனீக்கள் வெளியேறுவது குறைவதால், அப்போது குடங்களைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

தேன் புளிக்காமல் காக்க, மூடிய குடங்களை மட்டும் திறந்து, சுத்தமான உறிஞ்சு குழாயால் எடுத்து, வடிகட்டி உடனே குளிரூட்ட வேண்டும். ஈரத்தைக் குறைக்க மென்சூடே தகும். கடுஞ்சூட்டில் சர்க்கரை சிதைந்து ஹெச்எம்எஃப் என்னும் சேர்மம் பெருகும், அதற்கு மேற்கண்ட தரநிர்ணயம் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என வரம்பிடுகிறது. உள்ளூர் விற்பனைக்கான சிட்டையில், 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, உணவின் பெயர், நிகர எடை, தயாரிப்பாளரின் பெயர், முகவரி ஆகியவை மலாய் மொழியில் இடம்பெற வேண்டும்.